ஒரே ஆர்டருக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

சென்னிமலையில் போர்வையும் துண்டும் விற்கிற ஒரு பெண்மணி, தினமும் காலையில் டீயோடு ஒரு லாங் சைஸ் நோட்டையும் எடுத்து வைத்துக்கொள்வார். லேப்டாப்பில் நான்கு ஜன்னல்கள் திறந்திருக்கும். சொந்த இணையக் கடை ஒன்று, அமேசான் விற்பனையாளர் பக்கம் ஒன்று, ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்த மெட்டா விளம்பரக் கணக்கு ஒன்று, கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் நேற்றைய எண்களைப் பார்த்து நோட்டில் எழுதுவார். முக்கால் மணி நேரம் போய்விடும். இதைத் தானாக வருகிற மாதிரி செய்துதர வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார். சிறு வியாபாரிகளுக்கு இந்த மாதிரி கணக்குத்தாள் வேலைகள் செய்துகொடுப்பது என் தொழில்.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த திங்கக்கெழமையப் பாருங்ணா. சைட்டுல மொத்தமே நாப்பத்தாறு ஆர்டரு. மெட்டாக்காரன் முப்பத்தொண்ணு என்னாலதான் வந்துச்சுங்கறான். கூகுள்காரன் இருபத்திநாலு என்னுதுங்கறான். கூட்டுனா அம்பத்தஞ்சு வருதுங்க. மிச்சம் ஒம்பது ஆர்டர் எங்கிருந்துங்ணா வந்துச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எத்தனை அழகான அறிக்கை செய்துகொடுத்தாலும் அது தவறான எண்ணைத்தான் தினமும் வேகமாகக் கொண்டுவந்து கொட்டும். அதனால் கருவிகளைத் தொடுவதற்கு முன் அந்த ஒன்பது ஆர்டரைப் பேசிவிடுவோம். இங்கே வரும் எண்களைக் கணக்குப் புரிவதற்காகச் சற்று எளிதாக்கியிருக்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர் திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் போர்வை விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போய்ப் பார்க்கிறார், வாங்கவில்லை. வியாழக்கிழமை நினைவு வந்து கூகுளில் கடையின் பெயரைத் தேடுகிறார். மேலே வருகிற விளம்பரத்தைச் சொடுக்கி, வாங்கிவிடுகிறார். மெட்டாவின் வழக்கமான விதி, விளம்பரத்தைச் சொடுக்கிய ஏழு நாட்களுக்குள் அல்லது வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள் நடந்த விற்பனையைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வது. கூகுளின் வழக்கமான விதி, சொடுக்கிய முப்பது நாட்களுக்குள் நடந்தால் தன்னுடையது என்பது. எனவே இந்த ஒரு போர்வைக்கு இரண்டு பேருமே சொந்தம் கொண்டாடுகிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு மற்றவர் இருப்பது தெரியாது, அவ்வளவுதான். அந்த 46 பேரில் விளம்பரமே பார்க்காமல் வாட்ஸ்அப்பில் லிங்க் வாங்கி வந்த பழைய வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். ஆகவே இரண்டு முறை எண்ணப்பட்டவை ஒன்பதுக்கும் மேல்தான்.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் ஒரே விதி பிறக்கிறது. செலவு எவ்வளவு என்பதை விளம்பரத் தளத்திடம் கேட்க வேண்டும். அதில் அதுதான் அதிகாரம் உள்ள சாட்சி. விற்பனை எவ்வளவு என்பதை ஆர்டர் பதிவாகும் இடத்திடம் மட்டுமே கேட்க வேண்டும். விளம்பரத் தளம் சொல்லும் விற்பனையை அறிக்கையின் மொத்தத்தில் ஒருபோதும் கூட்டக்கூடாது. அமேசானுக்கும் இது பொருந்தும். அமேசான் விளம்பரப் பக்கம் காட்டும் விற்பனை முழுவதும் ஏற்கெனவே அமேசான் ஆர்டர் பட்டியலுக்குள் இருக்கிறது. அதை எடுத்து மறுபடியும் மேலே சேர்ப்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை

இப்போது அந்த நாளையே எடுத்துக் கணக்குப் போடுவோம். சொந்த இணையக் கடையை மட்டும் பார்க்கலாம். ஒரு ஆர்டர் சராசரி ₹1,300. 46 ஆர்டருக்கு ₹59,800. மெட்டாவில் செலவு ₹9,000, கூகுளில் ₹5,000, மொத்தம் ₹14,000.

இரண்டு தளங்களும் சொல்லும் விற்பனையைக் கூட்டினால் ₹71,500 வருகிறது. அதைச் செலவால் வகுத்தால் 5.1. ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு ஐந்து ரூபாய் விற்பனை. நோட்டில் அவர் எழுதி வைத்திருந்தது இந்த எண்தான். கடையின் ஆர்டர் பட்டியலை வைத்து வகுத்தால் 4.27 ஆகிவிடுகிறது.

அதோடு முடியவில்லை. பாதிக்கு மேல் கேஷ் ஆன் டெலிவரி. கூரியர்காரர் போய் நின்றால் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. தொழிலில் இதை ஆர்டிஓ என்பார்கள். அந்த நாள் ஆர்டர்களில் ஆறு அப்படித் திரும்பி வந்தன. உண்மையில் விற்றது 40, ₹52,000. இதில் 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கம். அது அரசாங்கத்தின் பணம். கழித்தால் ₹49,524. விளம்பரச் செலவுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ஆனால் கூகுள், மெட்டா பக்கங்களில் காட்டும் செலவு வரி சேராத தொகை. பதிவு பெற்ற வியாபாரி கட்டும் அந்த வரியை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு பக்கத்தையும் வரி நீக்கி வைத்து வகுப்பதே சரி. 49,524-ஐ 14,000-ஆல் வகுத்தால் 3.54.

இது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்பது அவருடைய அடக்க விலையைப் பொறுத்தது. வரி போக ஒரு ஆர்டரில் கையில் நிற்பது ₹1,238. துணி, தையல் ₹690. பேக்கிங், கூரியர், பணம் வசூலிக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து ₹190. மிச்சம் ₹358. நாற்பது ஆர்டருக்கு ₹14,320. விளம்பரம் ₹14,000 போனால் ₹320 மிஞ்சுகிறது. திரும்பி வந்த ஆறு பார்சலுக்குப் போக வரக் கூரியர் ஒன்றுக்கு ₹210 வீதம் ₹1,260. முடிவு, அந்த நாளில் ₹940 நஷ்டம்.

நோட்டில் 5.1 என்று பச்சை மையில் வட்டம் போட்டு வைத்திருந்த நாள் அது. கணக்கை முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்ப தீவாளிக்கு விளம்பரத்தக் கூட்டுனமே, அது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு இந்த வேலையில் மனம் ஒன்றிப்போவது இதனால்தான். கைத்தறியோ விசைத்தறியோ, ஒரு போர்வையின் பின்னால் அத்தனை பேர் உழைப்பு இருக்கிறது. அது கூட்டல் பிழையில் போகக்கூடாது.

மூன்று தாள்கள்

அறிக்கையை கூகுள் ஷீட்ஸில்தான் செய்தோம். பெரிய நிறுவனங்கள் இதற்கு பிக்குவெரி போன்ற தரவுக்கிடங்கும், மாதச் சந்தாவில் கிடைக்கும் இணைப்புக் கருவிகளும் வைத்திருக்கும். நாளைக்கு நூறு ஆர்டருக்குக் கீழே இருக்கிற கடைக்கு ஷீட்ஸ் தாராளம். ஒரு கோப்பில் ஒரு கோடிக் கட்டங்கள் வரை தாங்கும்.

முதல் தாளின் பெயர் 'செலவு'. அதில் ஐந்தே பத்திகள்: நாள், தளம், கணக்கு எண், கேம்பெய்ன், ரூபாய். எந்தத் தளத்திலிருந்து வந்தாலும் இந்த ஐந்துக்குள் அடங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நிற்க வேண்டும். மெட்டாவுக்கு ஒரு தாள், கூகுளுக்கு ஒரு தாள் என்று பிரித்துவிட்டால், நாளை புதிதாக ஒரு தளம் சேரும்போது எல்லாச் சூத்திரங்களையும் திருத்த வேண்டியிருக்கும். இரண்டாவது தாள் 'விற்பனை'. அதில் ஒரு ஆர்டருக்கு ஒரு வரி: நாள், எந்தக் கடை, ஆர்டர் எண், தொகை, நிலை. மூன்றாவது 'அறிக்கை'. அதில் கையால் எதையும் எழுதக்கூடாது. ஒரு நாளுக்கு ஒரு வரி, எல்லாம் சூத்திரம்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு, கணினி தெரிந்தவர்களே அதிகம் விழுகிற பள்ளம். செலவையும் விற்பனையையும் நாளை வைத்து நேரடியாக இணைத்துவிடுவார்கள். அந்தத் திங்கட்கிழமை மெட்டாவில் மூன்று கேம்பெய்ன், கூகுளில் இரண்டு ஓடின. செலவுத் தாளில் அந்த நாளுக்கு ஐந்து வரிகள் இருக்கின்றன. அந்த நாளின் விற்பனை ₹59,800 என்பதை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கீழே கூட்டினால் ₹2,99,000 வரும். எல்லா நாளும் ஒரே மடங்கில் பெருகுவதில்லை. கேம்பெய்ன் கூடக்கூட விற்பனையும் கூடுகிற மாதிரித் தோன்றும். அதனால்தான் பார்த்தவுடன் பிழை தெரிவதில்லை. முதலில் செலவை நாளுக்கு ஒரு தொகையாகக் கூட்ட வேண்டும். விற்பனையையும் தனியாக நாளுக்கு ஒரு தொகையாகக் கூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அறிக்கைத் தாளில் மெட்டா செலவுக்கான சூத்திரம் இப்படி இருக்கும்:

```
=SUMIFS('செலவு'!E:E, 'செலவு'!A:A, A2, 'செலவு'!B:B, "மெட்டா")
```

இனி எண்களை எப்படி வரவழைப்பது என்று பார்ப்போம். கூகுள் விளம்பரக் கணக்குக்குள்ளேயே ஸ்கிரிப்ட் எழுதும் இடம் இருக்கிறது. அங்கே எழுதிய ஸ்கிரிப்டைத் தினமும் ஓடவிட்டால், அதுவே ஷீட்டைத் திறந்து எழுதிவிடும். அது கேட்கும் கேள்வி சின்னதுதான்:

```
SELECT segments.date, campaign.name, metrics.cost_micros
FROM campaign
WHERE segments.date DURING LAST_30_DAYS
```

இதில் `cost_micros` என்பது ரூபாயில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ₹5,000 செலவு 5000000000 என்று வரும். வகுக்க மறந்த முதல் நாள், அறிக்கையில் கூகுளுக்கு ஐந்நூறு கோடி செலவு என்று காட்டியது. இந்த மாதிரிப் பிழை நல்ல பிழை. கண்ணை உறுத்தும், உடனே திருத்திவிடலாம்.

மெட்டாவுக்கு அதன் ஏபிஐ வழியாக, ஷீட்ஸின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் கேம்பெய்ன் வாரியாக `spend` என்ற ஒரு எண்ணை மட்டும் கேட்கிறோம். விற்பனை எண்ணையும் சேர்த்துக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரே வாங்குதல் `purchase`, `omni_purchase`, `offsite_conversion.fb_pixel_purchase` என்று பல பெயர்களில் பல வரிகளாக வரும். அத்தனையையும் கூட்டினால் ஒரு போர்வை மூன்று போர்வை ஆகிவிடும். நம் விதிப்படி அந்த எண் நமக்குத் தேவையே இல்லாததால் அந்தத் தலைவலி இல்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். செலவுக்குப் பதிலாகத் தினசரி பட்ஜெட்டை எழுதிவைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கூகுள் ஒரு நாளில் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை செலவு செய்யும். மாத மொத்தத்தில்தான் தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். பட்ஜெட்டை வைத்து ஒரு நாளின் கணக்கு எதுவும் சொல்ல முடியாது.

நேற்று எப்போது முடிந்தது?

ஒரே நாள் என்று நாம் நினைப்பது எல்லாத் தளத்துக்கும் ஒரே நாள் இல்லை. அமேசானிலிருந்து ஏபிஐ வழியாக வரும் ஆர்டர் கோப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நவம்பர் 1 விடியற்காலை 2:15-க்கு வந்த ஆர்டர், கோப்பில் `2025-10-31T20:45:00+00:00` என்று இருக்கும். முதல் பத்து எழுத்தை வெட்டி நாளாக எடுத்துக்கொண்டால் அது அக்டோபர் விற்பனை ஆகிவிடும். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை வரும் ஒவ்வொரு ஆர்டரும் இப்படி முந்தைய நாளுக்குள் நழுவும். நழுவாமல் இருக்க, அந்த எழுத்து வரிசையை நேரமாக மாற்றி ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும்:

```
=INT(DATEVALUE(LEFT(A2,10))+TIMEVALUE(MID(A2,12,8))+TIME(5,30,0))
```

விளம்பரக் கணக்கிலும் இதே சிக்கல் வரும். கணக்குத் தொடங்கும்போது அவசரத்தில் அமெரிக்க நேரத்தையே விட்டுவிட்டவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தில் ஓடும் கணக்குக்கு நம் பகல் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் புது நாள் பிறக்கும். செலவு ஒரு நாளிலும் அதனால் வந்த ஆர்டர் வேறு நாளிலும் விழுந்து, ஞாயிறு நஷ்டமாகவும் திங்கள் லாபமாகவும் மாறி மாறித் தெரியும். உங்கள் அறிக்கையில் நாள் விட்டு நாள் இப்படி ஏறி இறங்கினால், சந்தையைக் குறை சொல்வதற்கு முன் கணக்கின் நேர அமைப்பைப் பாருங்கள்.

மாறிக்கொண்டே இருக்கும் பழைய நாள்

நோட்டில் எழுதியது எழுதியபடியே இருக்கும். இணையத்தில் நேற்றைய எண் இன்றும் நாளையும் மாறும். தவறான சொடுக்குகளுக்கான பணத்தைத் தளம் திரும்பக் கொடுத்தால் பழைய நாளின் செலவு குறையும். விற்பனைப் பக்கம் மாற்றம் இன்னும் அதிகம். திங்கட்கிழமை போட்ட ஆர்டர் வியாழக்கிழமை ரத்தாகலாம். பத்து நாள் கழித்துக் கூரியரிலிருந்து திரும்பி வரலாம்.

இதற்காக ஸ்கிரிப்ட் தினமும் நேற்றை மட்டும் கொண்டுவருவதில்லை. கடந்த முப்பது நாட்களையும் மறுபடி கேட்கிறது. அந்த முப்பது நாட்களுக்கு அந்தத் தளத்தின் பழைய வரிகளை முழுவதும் அழித்துவிட்டு, புதியவற்றை எழுதுகிறது. அழிக்காமல் கீழே கீழே சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு நாளும் முப்பது தடவை பதிவாகிவிடும். ₹9,000 செலவு ₹2,70,000 என்று நிற்கும்.

திரும்பி வந்த பார்சல் விவரம் கடையின் பக்கத்தில் இருக்காது, கூரியர் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து ஆர்டர் எண்ணையும் நிலையையும் எடுத்து, விற்பனைத் தாளில் அதே ஆர்டர் எண்ணோடு பொருத்துகிறோம். இதில் அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்டார். "இன்னிக்குத் திரும்பி வந்த பார்சல இன்னிக்குக் கணக்குல கழிக்கறதுங்களா, அன்னிக்குக் கணக்குலயா?" ஆடிட்டரின் கணக்குக்கு வேறு முறை இருக்கலாம். விளம்பரம் பலித்ததா என்று பார்க்கிற இந்த அறிக்கையில், ஆர்டர் போட்ட நாளில்தான் கழிக்க வேண்டும். அந்த நாள் செலவழித்த பணம்தானே அந்த ஆர்டரைக் கொண்டுவந்தது.

அப்படிச் செய்தால் புதிய நாட்கள் எப்போதும் உள்ளதைவிட அழகாகத் தெரியும், ஏனென்றால் அவற்றில் திரும்பி வர வேண்டியவை இன்னும் வரவில்லை. நெல் அறுத்த அன்றே எடை போட்டால் ஈரமும் சேர்ந்து நிற்கும் என்பது போல. அதனால் கடைசி இருபத்தோரு நாட்களை அறிக்கையில் வெளிர் மஞ்சளில் வைத்தோம். அந்த வரிகளில், கடந்த மூன்று மாதத்தில் நூறுக்கு எத்தனை திரும்பியது என்ற விகிதத்தை, அவருக்குப் பதின்மூன்று, முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறோம். நாள் முதிர்ந்து மஞ்சள் நீங்கும்போது உண்மையான எண் வந்து அமர்ந்துகொள்ளும்.

சத்தமில்லாமல் நிற்கும்போது

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, அவர் உற்சாகமாக போன் செய்தார். "அண்ணா, விகிதம் பத்துக்கு மேல போயிருச்சுங்க!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. திறந்து பார்த்தால் மெட்டா செலவு கடந்த முப்பது நாட்களுக்கும் சுழியம். விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெட்டாவின் கதவைத் திறக்க ஸ்கிரிப்ட் வைத்திருந்த டோக்கன், சாதாரணப் பயனர் பெயரில் எடுத்தது. அதற்கு ஆயுள் சுமார் அறுபது நாள். அது காலாவதியாகிவிட்டது, ஸ்கிரிப்ட் பழைய வரிகளை அழித்துவிட்டு, புதியவை கிடைக்காமல் நின்றுவிட்டது. செலவு இல்லாத இடத்தில் SUMIFS சமர்த்தாகச் சுழியம் போட்டது. தவறு என்னுடையதுதான்.

ஐந்நூறு கோடி பிழையைவிட இது பல மடங்கு கெட்டது, ஏனென்றால் இது நல்ல செய்தி போல வருகிறது. அன்றைக்கு அவர் அதை நம்பி பட்ஜெட்டை இரட்டிப்பாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதன்பின் மூன்று மாற்றங்கள் செய்தேன். காலாவதி ஆகாத வகை டோக்கனை, நிறுவனக் கணக்கின் சிஸ்டம் யூசர் பெயரில் எடுத்தேன். புதிய வரிகள் கைக்கு வந்து எண்ணிக்கை பார்த்த பிறகுதான் பழையவற்றை அழிக்க வேண்டும் என்று ஸ்கிரிப்டின் வரிசையை மாற்றினேன். முக்கியமான மூன்றாவது, செலவு இல்லாததையும் தகவல் வராததையும் பிரித்துக் காட்டும் சூத்திரம்:

```
=IF(COUNTIFS('செலவு'!A:A,A2,'செலவு'!B:B,"மெட்டா")=0,
 "வரவில்லை",
 SUMIFS('செலவு'!E:E,'செலவு'!A:A,A2,'செலவு'!B:B,"மெட்டா"))
```

செலவே இல்லாத நாளென்றால் ஸ்கிரிப்ட் சுழியம் என்று ஒரு வரி எழுதிவிடும். வரியே இல்லையென்றால் 'வரவில்லை' என்று சிவப்பில் நிற்கும்; அந்த நாளின் விகிதமும் கணக்கிடப்படாமல் காலியாக இருக்கும். எண் இல்லாத கட்டம், தவறான எண் இருக்கும் கட்டத்தைவிட எத்தனையோ மேல்.

எது வேலை செய்தது என்று சொல்லுமா?

இந்த அறிக்கையால் முடியாத ஒன்று உண்டு, அதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். மொத்த விளம்பரம் மொத்த விற்பனைக்குக் கட்டுப்படியாகிறதா என்று இது சொல்லும். அவருடைய கணக்கில் வரி நீக்கிய விகிதம் 3.46-க்குக் கீழே போனால் நஷ்டம். ₹1,238-ஐ ₹358-ஆல் வகுத்தால் கிடைப்பது அந்த எண். திரும்பி வரும் பார்சல் செலவையும் சேர்த்தால் கோடு இன்னும் கொஞ்சம் மேலே போகும். மெட்டாவா கூகுளா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. லிங்கின் வாலில் ஒட்டும் யூடிஎம் குறியீடு ஓரளவு உதவும், ஆனால் அது கடைசியாகத் தொட்ட தளத்துக்கே பேரைக் கொடுக்கும். திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் பார்த்தவரை அது மறந்துவிடும்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. அவருக்கு ஆர்டர்கள் தமிழ்நாட்டுக்கு அடுத்தபடியாகக் கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகின்றன. கேரளாவுக்கு மட்டும் மெட்டாவை மூன்று வாரம் நிறுத்திவிட்டு, கர்நாடகாவில் எப்போதும் போல ஓடவிட்டோம். விற்பனைத் தாளில் மாநிலம் என்று ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தால் போதும். நிறுத்துவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் இரண்டு மாநிலங்களுக்கும் இருந்த விகிதத்தை, நிறுத்திய பிறகு வரும் விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். ஓணமோ தீபாவளியோ நடுவில் வராத வாரங்களாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று ஆர்டர் வருகிற மாநிலத்தில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. அந்த அளவுக்கு எண்ணிக்கை தற்செயலாகவே ஏறி இறங்கும்.

பில்லோடு ஒத்துப்பார்த்தல்

மாதம் முடிந்ததும் ஒரு வேலையை மட்டும் இன்னும் கையால்தான் செய்கிறோம். கூகுளும் மெட்டாவும் அனுப்பும் வரி ரசீதுகளை எடுத்து, ஜிஎஸ்டி சேராத தொகையைச் செலவுத் தாளின் மாத மொத்தத்தோடு வைத்துப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்க்கும் குறைவாக வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் எந்த நாள், எந்தக் கணக்கு என்று தேடுவோம். பிறகு பேங்க் ஸ்டேட்மென்டைத் திறந்து, விளம்பரத்துக்காகப் போன ஒவ்வொரு பற்றும் ஏதாவது ஒரு ரசீதில் இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டு வருவோம்.

முதல் மாதம் ரசீதும் தாளும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போயின. பேங்க் ஸ்டேட்மென்டில் மட்டும் மெட்டாவுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கூடுதலாகப் போயிருந்தது. இரண்டு பேரும் வரி வரியாகத் தேடினோம். அந்த நேரத்தில் தறிக் கூடத்திலிருந்து அவருடைய தம்பி உள்ளே வந்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "அது நானுங்க்கா. நல்லா இருக்கற ரீல்ஸ மட்டும் போன்லயே பூஸ்ட் பண்ணிட்டிருந்தேன்" என்றான். அவன் போனில் பூஸ்ட் செய்தது அவன் பெயரில் இருந்த வேறொரு விளம்பரக் கணக்கு வழியாக. கார்டு மட்டும் கடையின் கார்டு. நாங்கள் இணைத்திருந்த கணக்கில் அந்தச் செலவு வர வாய்ப்பே இல்லை.

அக்கா அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் போனை வாங்கி என்னிடம் நீட்டினார். அந்தக் கணக்கு எண்ணை ஸ்கிரிப்டில் சேர்த்தேன். செலவுத் தாளில் மூன்றாவது பத்திக்கு, கணக்கு எண்ணுக்கு, அன்றைக்குத்தான் முதல் வேலை வந்தது.